முதல் 5 கி.மீ. பந்தயத்துக்குத் தயாராக ட்ரெட்மில்லா, சாலையா?

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: சாலை. ஆனால் நான் ஆரம்பித்தது ட்ரெட்மில்லில். முதல் 5 கி.மீ. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தபோது கையில் ஒன்பது வாரம் இருந்தது. அதில் ஐந்து வாரத்தை ட்ரெட்மில்லிலேயே ஓட்டிவிட்டு, ஆறாவது வாரம் சாலைக்குப் போனேன். அன்றைக்கு வாங்கிய அடிதான் இதை எழுத வைக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மழை, வெயில், இருட்டு, நாய், வண்டி எதுவும் ட்ரெட்மில்லில் கிடையாது. சாலைக்கு ஷூ மட்டும் போதும், யார் வீட்டு வாசலிலும் கிடைக்கும். ட்ரெட்மில்லில் அலுப்புத் தட்டும், சாலையில் பராக்குப் பார்க்கலாம். இதை வைத்து யாரும் முடிவெடுக்க மாட்டார்கள், எடுக்கவும் வேண்டாம்.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிக்கிற விஷயம் ஒன்றுதான்: உங்கள் வேகத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது. ட்ரெட்மில்லில் அது பொத்தானின் வேலை. மணிக்கு 8 கி.மீ. என்று அழுத்தினால் முதல் நிமிடமும் 8, முப்பதாவது நிமிடமும் 8, நீங்கள் தூங்கி வழிந்தாலும் 8. சாலையில் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. பந்தய நாளிலும் அப்படித்தான். முதல் பந்தயத்தில் தடுமாறுகிற பலருக்குக் காலில் தெம்பில்லாமல் இல்லை, முதல் கிலோமீட்டரைத் தப்பான வேகத்தில் ஓடிவிட்டிருப்பார்கள்.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வாரக் கடைசியில் ட்ரெட்மில்லில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் 35 நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தது. 8 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம், ஆகவே 5 கி.மீ.க்கு முப்பத்தேழரை நிமிடம். சரி, 38 நிமிடத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கினேன். வாட்ச் காட்டியதைச் சொல்கிறேன்: முதல் கி.மீ. 6 நிமிடம் 15 நொடி, இரண்டாவது 7:10, மூன்றாவது 8:10, நான்காவது 8:45, கடைசி 8:40. மொத்தம் 39 நிமிடம். ஒரு நிமிடம்தானே தாமதம் என்று தோன்றும். ஆனால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே விலா குத்தி, நாலாவதில் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போய், இனி பந்தயமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். ட்ரெட்மில்லில் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்த அதே வேலை!

வினோதம் என்னவென்றால், அந்த முதல் கிலோமீட்டர் வேகமாகப் போவதாக எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ட்ரெட்மில்லில் ஓடும்போது சுற்றியிருப்பது எதுவும் நகர்வதில்லை. சுவர் அதே இடத்தில் நிற்க, கால் மட்டும் ஓடுகிறது. இதனால் அதே வேகம் ட்ரெட்மில்லில் அதிகமாகவும் சாலையில் குறைவாகவும் தோன்றுவது பலருக்கும் நடப்பதுதான். ட்ரெட்மில்லில் பழகிய உணர்வை அளவுகோலாக எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனால், அந்த உணர்வு வரும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம்.

இரண்டாவது காரணம் இன்னும் பொல்லாதது. ஓட ஆரம்பித்தவுடன் மூச்சும் இதயமும் தேவைக்கு ஏற்ற அளவை எட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை தசை தன் கையிருப்பை வைத்துச் சமாளிக்கும். அந்த நிமிடங்களில் எந்த வேகமும் சுகமாகத்தான் இருக்கும். கூடவே பந்தயத் தொடக்கத்தின் கூட்டம், படபடப்பு, பக்கத்தில் பறக்கிற ஆட்கள். தப்பான வேகம் என்று உடம்பு சொல்லும்போது நீங்கள் அரைக் கிலோமீட்டர் தாண்டியிருப்பீர்கள். அதற்குப் பிறகு லேசாகக் குறைத்தால் போதாது, நன்றாகவே குறைத்தால்தான் மூச்சு திரும்பி வரும். ட்ரெட்மில் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வழியே இல்லை, ஏனென்றால் அது இந்தத் தப்பைச் செய்யவே விடாது.

இதைச் சரிசெய்ய நான் செய்த பயிற்சி மிகச் சாதாரணமானது. ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு சாலையில் 10 நிமிடம் ஒரே திசையில் ஓட வேண்டும், அப்புறம் திரும்பி 10 நிமிடம் ஓட வேண்டும். நேரத்தை மட்டும் பார்க்கலாம், வேகத்தைப் பார்க்கக் கூடாது. இருபதாவது நிமிடத்தில் கிளம்பிய இடத்துக்கு வந்துவிட்டால் வேகம் சீராக இருந்தது என்று அர்த்தம். முதல் தடவை நான் ஏறக்குறைய 180 மீட்டர் முன்னாலேயே நின்றேன். போகும்போது கி.மீ.க்கு 7 நிமிட வேகத்தில் போய், திரும்பும்போது 8 நிமிட வேகத்துக்கு இறங்கினால் சரியாக அந்த இடைவெளிதான் விழும். வாரம் இரண்டு தடவை செய்ததில் மூன்றாவது வாரம் அது முப்பது மீட்டருக்குள் வந்துவிட்டது. போகும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்வது உதவியது. யாராவது எதிரே வந்தால்தான் கொஞ்சம் சங்கடம்.

காற்று ஒரு பக்கமாக அடித்தால் இந்தக் கணக்கு பொய் சொல்லும், அதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்காற்றில் திரும்பினால் சீராக ஓடியும் குறையும்.

அடுத்தது கால். இது வேகம் அளவுக்குப் பெரிய விஷயமில்லை, ஆனால் ஆறாவது வாரத்தில் இதுவும் என்னைக் கடித்தது. ட்ரெட்மில்லின் பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பெல்ட் எப்போதும் சமமாக இருக்கும், ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் நகல். சாலை ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு சரிவு இருக்கும், வளைவு இருக்கும், சின்ன இறக்கங்கள் இருக்கும். இறக்கத்தில் தொடையின் முன்தசைதான் பிரேக் போடுகிறது. சாதாரண ட்ரெட்மில்களில் ஏற்றம் வைக்கலாம், இறக்கம் வைக்க முடியாது, ஆகவே அந்தத் தசைக்கு அங்கே அந்தப் பழக்கம் கிடைப்பதில்லை. முதல் சாலை ஓட்டத்துக்கு மறுநாள் என்னால் படியில் ஏற முடிந்தது, இறங்கத்தான் முடியவில்லை. கெண்டைக்காலும் இறுகிக் கிடந்தது. இந்த மாதிரி வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை ஒட்டி வலித்து, விரலால் அழுத்தினால் ஒரே ஒரு புள்ளியில் சுருக்கென்றால் அது வேறு ரகம். அதோடு ஓடக் கூடாது, காட்டிவிட வேண்டும். ட்ரெட்மில்லில் இருந்து சாலைக்கு மாறுகிறவர்கள் மூச்சு தாங்குகிறதே என்று முழுத் தூரத்தையும் முதல் நாளே ஓடுவார்கள். நான் அதைத்தான் செய்தேன். முதல் வாரம் பாதித் தூரம் போதும்.

ட்ரெட்மில்லுக்கு வக்காலத்து வாங்க எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் மூன்று நான்கு வாரம், அதாவது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறிப் போகும் கட்டத்தில், அது சாலையை விட நல்லது என்றே சொல்வேன். அந்தக் கட்டத்தில் எல்லோரும் செய்கிற தப்பு ஓட்டப் பகுதியைப் பாய்ச்சலாக்கிவிடுவது. பொத்தான் அதைத் தடுக்கிறது. நடைக்கு 5, ஓட்டத்துக்கு 7.5 என்று வைத்துவிட்டால் வாரா வாரம் நிமிடங்களை மட்டும் மாற்றினால் போதும். வீட்டிலிருந்து இரண்டு கி.மீ. தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற பயமும் இல்லை. ஆனால் அதே வசதிதான் பின்னால் வினையாகிறது. ட்ரெட்மில்லில் முடியவில்லை என்றால் இறங்கிவிடலாம். சாலையில் திரும்பி வீடு வந்தாக வேண்டும், அதனால் வேகத்தைக் குறைத்தாவது ஓட்டத்தைத் தொடரப் பழகிவிடுவோம்.

ட்ரெட்மில்லில் ஓடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சாலைக்குச் சமமாக வர 1 சதவீத ஏற்றம் வைக்க வேண்டும் என்று ஜிம்மில் யாராவது சொல்வார்கள். அது காற்றின் எதிர்ப்பை ஈடுகட்ட. அதற்கு அடிப்படையான 1996 ஆய்வு மணிக்கு சுமார் 10.5 கி.மீ.க்கு மேல் ஓடுகிறவர்களைப் பற்றியது. 8 கி.மீ.யில் ஓடுகிற நமக்குக் காற்றின் எதிர்ப்பு மிகச் சொற்பம், வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

இரண்டாவது, திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பெல்ட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பெல்ட்டின் முழுச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 3 மீட்டர் என்றால் 20 சுற்றுக்கு 60 மீட்டர். 8 கி.மீ. வேகத்தில் அதற்கு 27 நொடி ஆக வேண்டும். நீங்கள் மேலே ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு ஒருவர் எண்ண வேண்டும், ஏனென்றால் ஆள் ஏறினால் சில பெல்ட்டுகள் தளர்ந்து மெதுவாகும். நான் ஓடிய ஒன்றில் 29 நொடி வந்தது. கணக்குப் போட்டால் நான் 8 என்று நினைத்து ஓடியது ஏழரைக்கும் குறைவு. 38 நிமிடக் கனவு எங்கே இடித்தது என்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு!

நான் ஓடியது இரண்டே பந்தயம், இரண்டே ட்ரெட்மில். உடல் எடை மிக அதிகமாக இருப்பவர்களும் முழங்காலில் பழைய அடி உள்ளவர்களும் என் பேச்சை வைத்துச் சாலையில் இறங்க வேண்டாம், பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இன்று மறுபடி ஒன்பது வாரம் கிடைத்தால் இப்படிப் பிரிப்பேன்: முதல் மூன்று வாரம் ட்ரெட்மில் மட்டும், வாரம் மூன்று நாள். நாலாவது வாரத்திலிருந்து அதில் ஒரு நாளைச் சாலைக்கு மாற்றி, ஆறாவது வாரம் இரண்டு நாள் சாலை, ஒரு நாள் ட்ரெட்மில். கடைசி இரண்டு வாரம் சாலை மட்டும், அதுவும் பந்தயம் தொடங்குகிற அதே நேரத்தில். வெளியே போகவே முடியாத நாளுக்கு ட்ரெட்மில் இருக்கட்டும், அன்றும் எண்களை ஒரு துண்டால் மூடிவிட்டு, மூச்சைக் கேட்டு வேகத்தை நீங்களே கூட்டிக் குறையுங்கள். இரண்டாவது பந்தயத்தில் என் முதல் கிலோமீட்டர் 7:45, கடைசி 7:05. முதல் கிலோமீட்டரில் என்னைத் தாண்டிப் போனவர்களை எண்ணவில்லை, கடைசியில் நான் தாண்டிய பதினோரு பேரை மட்டும் எண்ணினேன்.