பவர்பாயிண்டில் உப்பு யாத்திரை: நகரும் அம்புகளோடு சில ஆண்டுகள்

பத்தாம் வகுப்புக்கு உப்பு சத்தியாகிரகத்தைச் சில ஆண்டுகளாகப் பவர்பாயிண்டில் செய்த அனிமேஷன் வைத்துத்தான் நடத்துகிறேன். தண்டி, வேதாரண்யம் இரண்டு யாத்திரைகளும் வரைபடத்தில் அம்பாக நகரும். கீழே காலக்கோட்டில் ஒரு புள்ளி ஓடும்.

முழு இந்திய வரைபடம் இதற்குச் சரிப்படாது. சபர்மதியிலிருந்து தண்டி வரையான பாதை, திரையில் ஒன்றரை சென்டிமீட்டர் கூட வராது. அதனால் குஜராத் பகுதியையும் காவிரிப் பகுதியையும் ஒரே அளவுகோலில் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மாநில எல்லை போடவில்லை, 1930-ல் குஜராத் என்று தனி மாநிலமே கிடையாதே. ஆறுகள் போதும்.

கணக்கு, ஒரு நாளுக்கு அரை விநாடி. காந்தி மார்ச் 12-ல் கிளம்பி ஏப்ரல் 5-ல் தண்டி சேர்ந்தார். 24 நாள், 12 விநாடி. ராஜாஜி திருச்சியிலிருந்து ஏப்ரல் 13-ல் கிளம்பி 28-ல் வேதாரண்யம் சேர்ந்தார். 15 நாள், ஏழரை விநாடி. இரண்டாவது அம்புக்கு Delay 16 விநாடி, Start எல்லாவற்றுக்கும் With Previous. நடுவில் நான்கு விநாடி இரண்டு படமும் சும்மா நிற்கும். அதை வெட்டிவிடத் தோன்றும், வெட்டாதீர்கள். ஏப்ரல் 6-ல் காந்தி உப்பெடுத்த செய்தி நாடெங்கும் பரவியதைச் சொல்ல அந்த இடைவெளிதான் வசதி.

அம்புக்கு Wipe போடுகிறேன். இதன் குறை, பாதையைப் பின்தொடராமல் ஒரு திசையில் மட்டும் திரை விலக்குவது. தண்டிப் பாதை பெரும்பாலும் தெற்கே இறங்குவதால் From Top போதும். வேதாரண்யப் பாதைதான் தொல்லை. From Left கொடுத்தால் கும்பகோணம் வரை அழகாகப் போகும். அங்கிருந்து மன்னார்குடிக்குப் பாதை கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குவதால் அந்தத் துண்டு கண் சிமிட்டுவதற்குள் தோன்றிவிடும். அதனால் கோட்டை மூன்றாக்கி, நீளத்துக்கு ஏற்ப மூன்றரை, ஒன்றரை, இரண்டரை விநாடி கொடுத்தேன். Delay முறையே 16, 19.5, 21 விநாடி. நடுத்துண்டுக்கு மட்டும் From Top. அம்பின் தலை கடைசித் துண்டு முடியும்போதுதான் தெரியும், அதற்கு வழி இல்லை.

காலக்கோட்டுப் புள்ளிக்கு Motion Path. இதில் Smooth start, Smooth end இரண்டையும் பூஜ்யமாக்காவிட்டால் புள்ளி மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மறுபடி தளரும். இரண்டாவது அம்பு திருச்சியிலிருந்து கிளம்பும்போது புள்ளி ஏப்ரல் 13-ல் இருக்காது. பொருந்துகிறதா என்று பார்க்க அந்த ஒரு நொடியைக் கவனித்தால் போதும்.

ஓடுகிற அனிமேஷனை நடுவில் நிறுத்த முடியாது என்பதுதான் வகுப்பில் பெரிய எரிச்சல். இப்போது Create a Video மூலம் எம்பி4 ஆக்கித்தான் கொண்டுபோகிறேன். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நிற்கும். வகுப்பறைக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிகிற பிரச்சினையும் போயிற்று. ஆனால் ஒரு தேதியைத் திருத்தினாலும் மறுபடி வீடியோவாக்க வேண்டும், எனவே மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள்.