அலுமினியப் பெட்டிக்குள் கன்சோல்: இரண்டரை ஆண்டு அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் மார்கழி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று சுழற்றி அடிக்கும். காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. வீடியோ கேம் கன்சோலுக்குள் இருக்கும் விசிறி இந்தப் புழுதியை எல்லாம் இழுத்துக்கொள்ளுமே என்ற பயத்தில்தான், புது வீட்டில் டிவிக்குக் கீழே கதவு வைத்த பெட்டி ஒன்று செய்யச் சொன்னேன். சமையலறை அலமாரி செய்தவரே இதையும் செய்தார். மரநிறத்தில் ஏசிபி ஷீட், அலுமினியச் சட்டம், முன்னால் பழுப்பு நிறக் கண்ணாடிக் கதவு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் வாரமே மகன் குறை சொல்லத் தொடங்கினான். கால்பந்து ஆட்டத்தில் கண்ட்ரோலரின் குச்சியை விட்ட பிறகும் வீரர் அதே திசையில் ஓடிக்கொண்டே இருப்பார், கோட்டைத் தாண்டிப் போவார். பிறகு திடீரென்று நாலைந்து கட்டளைகள் ஒன்றாக வந்து விழும். கண்ட்ரோலரில் ஹெட்போன் செருகியிருந்தால் முதலில் ஒலிதான் விட்டுவிட்டுக் கேட்கும், பிறகே ஆட்டம் தடுமாறும். "குச்சி தேய்ந்துவிட்டது அப்பா" என்றான். நானும் நம்பி, 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புதிய கண்ட்ரோலர் வாங்கினேன். அதுவும் அதேபோல்தான் நடந்துகொண்டது.

வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கண்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அமைப்புகளில் தொடர்பும் கேபிள் வழியாகவே நடக்கும்படி மாற்றிவிட்டு விளையாட வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் இதற்கு உதவாது, தரவும் போகிற கேபிள் வேண்டும். தேய்ந்த குச்சி கேபிளிலும் அப்படியேதான் இழுக்கும். ரேடியோ தொடர்பு அறுவதுதான் கோளாறு என்றால் கேபிள் போட்ட நிமிடமே எல்லாம் சரியாகிவிடும். எங்கள் பழைய கண்ட்ரோலர் கேபிளில் குறையே இல்லாமல் ஓடியது. கேபிளை எடுத்துவிட்டுப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தோம், அப்போதும் ஓடியது. கதவைச் சாத்தினோம், வீரர் மறுபடியும் கோட்டுக்கு வெளியே போனார்.

கண்ணாடிதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கண்ட்ரோலர் கன்சோலோடு பேசும் புளூடூத் அலையைச் சாதாரணக் கண்ணாடி அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றாலும் வீட்டு வைஃபை கிடைக்கிறதே. விடை பெட்டியின் பின்பக்கத்தில் இருந்தது. கேபிள்கள் போவதற்காக அங்கே ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு துளை வெட்டியிருந்தார்கள். டார்ச் அடித்து அதன் விளிம்பைப் பார்த்தேன். வெளியே மரநிறம், அதற்கு அடியில் மெல்லிய வெள்ளிக் கோடு, நடுவில் கறுப்புப் பிளாஸ்டிக், மறுபக்கம் இன்னொரு வெள்ளிக் கோடு. ஏசிபி என்பதே இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கை ஒட்டிச் செய்வதுதான். தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வரும், காந்தம் ஒட்டாது. அதனால் உலோகம் என்றே தோன்றாது. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்தில் சில மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளே அதைத் தடுக்கப் போதும் என்னும்போது, இந்தத் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் முன்பக்கக் கண்ணாடி வழியாகவாவது அலை வர வேண்டும் அல்லவா? அந்தப் பழுப்புக் கண்ணாடியில் பகல் வெளிச்சத்தில் முகம் தெரிந்தது, உள்ளே இருக்கும் பொருள் தெரியவில்லை. ஜன்னல்களுக்குப் போடுகிற ரிஃப்லெக்டிவ் கண்ணாடி அது. அதன் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. அலமாரிக் கதவில் வரும் நிலைக்கண்ணாடிக்கும் பின்னால் இதுபோல் வெள்ளிப் பூச்சு இருக்கிறது. நிறம் மட்டும் ஏற்றிய, முகம் காட்டாத கண்ணாடியில் இந்தத் தொல்லை இல்லை.

ஊகத்தோடு நிற்காமல் அளந்தும் பார்த்தேன். ஒரு போனில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கன்சோல் இருந்த இடத்தில் வைத்தேன். மூன்று மீட்டர் தள்ளி சோஃபாவில் உட்கார்ந்து, இன்னொரு போனில் சிக்னல் அளக்கும் இலவசச் செயலியைத் திறந்தேன். கதவு திறந்திருந்தபோது −48 dBm காட்டியது, சாத்தியபோது −71. இந்த அளவில் 10 குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிடும். 23 குறைந்தது என்றால் இருநூறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அந்த மிச்சமும் பின்பக்கத் துளை வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் கசிந்து, சுவரில் பட்டுத் திரும்பி வருவதுதான். இப்படி எதிரொலித்து வரும் அலைகள் ஓரிடத்தில் கூடும், பக்கத்திலேயே ஒன்றையொன்று அழிக்கும். இந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். ஆகவே கண்ட்ரோலரை ஒரு கையகலம் நகர்த்தினாலே நிலைமை மாறிவிடுகிறது. மகன் மடியில் வைத்து ஆடினால் அறுந்ததும், நெஞ்சுக்கு நேராகத் தூக்கினால் வந்ததும் இதனால்தான். 'இங்கே உட்கார்ந்தால் வேலை செய்கிறது, அங்கே உட்கார்ந்தால் செய்யவில்லை' என்ற வீட்டுச் சண்டைக்கு அன்றுதான் காரணம் தெரிந்தது.

அதே பெட்டிக்குள் வைஃபை ரூட்டரையும், யுஎஸ்பி 3 வன்தட்டு ஒன்றையும் வைத்திருந்தேன். ரூட்டர் அதே 2.4 அலைவரிசையில்தான் ஓடியது. யுஎஸ்பி 3 இணைப்பும் இயங்கும்போது அந்த அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை ஆவணமாக எழுதியிருக்கிறது. திறந்த மேசையில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. வெளியிலிருந்து வரும் கண்ட்ரோலரின் சிக்னல் இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும்போது, உள்ளேயே பக்கத்தில் இருந்து கத்தும் இவை இரண்டும்தான் அதை மூழ்கடித்தன. ரூட்டரைச் சுவரில் மாட்டினேன். வன்தட்டை ஒரு மீட்டர் கேபிளில் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தேன். தடுமாற்றம் பாதியாவது குறைந்திருக்கும், ஆனால் தீரவில்லை.

செய்து கொடுத்தவரை அழைத்துச் சொன்னேன். "கதவைத் திறந்து வைத்து விளையாடுங்கள் சேட்டா" என்றார் முதலில். சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணாடியை மட்டும் ஐந்து மில்லிமீட்டர் தெளிவான சாதாரணக் கண்ணாடியாக மாற்றித் தரச் சொன்னேன். பின்பக்க ஏசிபியைக் கழற்றிவிட்டுப் பிளைவுட் போட்டு, அதில் விரலளவு இடைவெளிகள் வெட்டச் சொன்னேன். பக்கவாட்டு ஏசிபியைத் தொடவே இல்லை. வேலை அரை நாளில் முடிந்தது. மறுபடி அளந்தபோது கதவு சாத்திய நிலையில் −51 காட்டியது, திறந்து வைத்ததை விட மூன்று மட்டுமே குறைவு. பின்பக்க இடைவெளி வழியாகச் சூடும் வெளியேறுவதால், பங்குனி வெயிலிலும் விசிறி முன்புபோல் இரைவதில்லை.

கணினியில் டாங்கிள் வைத்து விளையாடுகிறவர்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து ஒட்டிவிடலாம். கன்சோலின் ஆன்டெனா அதன் உடலுக்குள்ளேயே இருப்பதால் எனக்கு அந்த வழி இல்லை. முழுக்க இரும்புத் தகட்டில் செய்த, முன்பக்கமும் இரும்பான அலமாரியாக இருந்தால் கண்ணாடி மாற்றவும் இடமில்லை. கன்சோலை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கதவு மாற்றி ஒன்றேமுக்கால் ஆண்டு ஆகிறது. சோஃபாவில் உட்கார்ந்து ஆடும்போது ஒருமுறைகூட அறுந்ததில்லை. சாப்பாட்டு மேசை பெட்டியிலிருந்து ஐந்து மீட்டர் தூரம். அங்கே உட்கார்ந்து, டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் இன்றும் அறுகிறது, ஏனென்றால் மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை நன்றாகவே விழுங்கும். பிளைவுட் இடைவெளி வழியாகப் புழுதியும் வருகிறது. மார்கழி, தை இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்சோலை வெளியே எடுத்துத் தூரிகையால் துடைத்து வைக்கிறேன்.