சாப்பாடா, சத்திரசிகிச்சையா? நிர்வாகக் குழுவுக்கு எழுதிய மூன்று கடிதங்கள்

நுவரெலியாவில் எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி 11 பூனைகள் இருந்தன. நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவானபோது, ஒன்றுக்கு மூன்று வரைவுகள் வந்து சேர்ந்தன. மூன்றாம் மாடி அக்கா எழுதியது பூனைகளுக்குச் சாப்பாடு போட அனுமதி கேட்டது. கீழ்மாடியில் கார் வைத்திருக்கும் ஒருவர் எழுதியது, எல்லாவற்றையும் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடச் சொன்னது. மூன்றாவது என்னுடையது. கருத்தடைக்கு அனுமதி கேட்டு, அதற்குத் துணையாகத்தான் சாப்பாட்டைக் கேட்டது.

அக்காவின் கடிதம் வாசிக்க உருக்கமானது. பனி, மழை, பசி எல்லாம் இருந்தது. ஆனால் அதைக் கேட்ட தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சாப்பாடு போட்டா இன்னும் கூடும் தானே டீச்சர்?" அவர் கேட்டது சரி. பெட்டைப் பூனை ஏறக்குறைய 63 நாள் சுமக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஈனும், ஒரு ஈற்றுக்கு மூன்று நான்கு குட்டி போடும். குட்டிகளில் பெட்டை ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். வயிறு நிறைந்த தாய்க்குக் குட்டிகள் அதிகம் தப்பும். கருத்தடை இல்லாத சாப்பாட்டுக் கடிதம், எழுதியவருக்குத் தெரியாமலே, இன்னும் பூனை வேண்டும் என்று கேட்கிற கடிதம்தான்.

கார்க்காரரின் கடிதத்தில் கோபம் இருந்தாலும் குறைகள் உண்மையானவை. ராத்திரிக் கத்தல், டயரில் மூத்திர நாற்றம், பொனட்டில் கால் தடம். தீர்வில்தான் கோளாறு. பூனைகள் இங்கே தங்குவது மூடி இல்லாத குப்பைப் பீப்பாயாலும், மழைக்கு ஒதுங்க இருக்கும் படிக்கட்டுச் சந்தாலும். பூனையை எடுத்துவிட்டு அவற்றை அப்படியே விட்டால், பக்கத்து லயத்துப் பூனையோ சந்தைப் பூனையோ அந்த இடத்துக்கு வரும். வருவது பெரும்பாலும் கருத்தடை செய்யாதது, தடுப்பூசி போடாதது. கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கொண்டுபோய் விட்ட பூனைக்கோ தெரியாத இடத்தில் இரையும் ஒதுக்கிடமும் கிடையாது.

ஆகவே போட்டி உண்மையில் அக்காவின் வரைவுக்கும் என்னுடையதற்கும் இடையில்தான். இரண்டிலும் அதே இரண்டு கோரிக்கைகள் வரலாம், எது முன்னால் என்பதில்தான் வித்தியாசம். சாப்பாடு முன்னால் வந்தால் குழு அதைத் தயவாகப் பார்க்கும். தயவுக்கு 'இல்லை' சொல்வது லேசு. கருத்தடை முன்னால் வந்தால் சாப்பாடு அந்த வேலைக்கு ஆயுதமாகிவிடும். மாலை 6 மணிக்கு ஒரே இடத்தில் அரை மணி நேரம் வைத்து, கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். அந்த அரை மணியில் எல்லாப் பூனையும் கண்முன் வரும். எண்ணலாம், படம் எடுக்கலாம், புதிதாக வந்ததைக் கண்டுபிடிக்கலாம், பொறிக்கூட்டுக்குப் பழக்கலாம். எங்கள் 11-உம் அப்படி எண்ணியதுதான்: ஒரு வாரம் கைபேசியில் படம் எடுத்தோம். 5 பெட்டை, 4 கடுவன், 2 குட்டி.

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாமல் கருத்தடை நடக்காது என்பதற்கு எங்களுக்கே பாடம் கிடைத்தது. வளர்ந்த பூனைக்கு மயக்க மருந்து கொடுக்க முன்னால் இரவு முழுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும், தண்ணீர் பரவாயில்லை. இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகலாம். அனுமதி கேட்குமுன் அவசரப்பட்டு நாங்கள் பிடித்த முதல் பெட்டைக்கு, யாரோ ராத்திரி பத்து மணிக்குக் கூட்டின் கம்பி வழியாகக் கருவாட்டுச் சோறு ஊட்டியிருந்தார்கள். வைத்தியர் அன்று தொடவில்லை. அந்தப் பூனை திரும்பக் கூட்டுப் பக்கம் வர மூன்று வாரம் ஆனது. அதனால்தான் கடிதத்தில் இப்படி ஒரு வரி சேர்த்தேன்: "குறித்த இடம், குறித்த நேரம் தவிர வேறெங்கும் எவரும் உணவு வைக்கக் கூடாதெனக் குழு அறிவிக்க வேண்டுகிறோம்." பூனைக்காரர்களே கட்டுப்பாடு கேட்டதைத் தலைவர் இரண்டு தரம் வாசித்தார்.

இன்னொரு வரியை அக்கா வெட்டச் சொன்னார், நான் விடவில்லை. செக்குரிட்டி அறைக்குப் பக்கத்துச் சாமான் அறையை, சிகிச்சை நாட்களில் இரண்டு இரவு தரும்படி கேட்ட வரி அது. மயக்கம் தெளியாத பூனையால் உடல் சூட்டைக் காக்க முடியாது. இங்கே இரவுக் குளிரில், வெறும் கொங்கிரீட் தரையில் வைத்தால் சிகிச்சை நன்றாக முடிந்தும் பூனை போய்விடும். அடியில் சாக்கும் பழைய பத்திரிகையும், துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலும், கூட்டின் மேல் போர்வையும் வேண்டும். கடுவனை மறுநாள் விடலாம். பெட்டைக்கு வயிற்றுக்குள் வெட்டு, இரண்டு இரவாவது வைத்திருப்பது நல்லது. இதைக் கேட்காமல் அனுமதி வாங்கினால் முதல் சிகிச்சை நாளன்றே வாசலில் சண்டை வரும்.

எதை முதலில் பிடிப்பது என்பதில் எனக்கே இரண்டு மனம். பெருகாமல் இருக்கப் பெட்டைகள்தான் முதலில். கடுவன் ஒன்று மிஞ்சினாலும் எல்லாப் பெட்டையும் சினைப்படும். ஆனால் குழுவுக்கு வந்த முறைப்பாடு கத்தலும் நாற்றமும், அது பெரும்பாலும் கடுவன் வேலை. முதல் தொகுதியில் மூன்று பெட்டையோடு அந்தப் பெரிய சாம்பல் கடுவனையும் சேர்த்தோம். அவனுடைய நாற்றம் அடங்கச் சில வாரம் எடுக்கும் என்றும் கடிதத்திலேயே எழுதினோம். எழுதாவிட்டால் மறு கிழமையே "ஒண்ணும் மாறலையே" என்று வந்திருப்பார்கள்.

செலவைக் கையொப்பமிட்ட 14 வீடுகள் ஏற்றன. பராமரிப்புக் கட்டணத்தில் கைவைக்கவில்லை. விசர் நோய்ப் பயத்துக்கு, அதே மயக்கத்தில் தடுப்பூசியும் போட்டு அட்டையின் பிரதியைக் குழுவுக்குத் தருவதாகச் சொன்னோம். பூனை கீறினாலோ கடித்தாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அறிவிப்புப் பலகையிலும் போட்டோம். சிகிச்சை முடிந்த பூனைக்கு மயக்கத்திலேயே இடது காது நுனியை நேராக வெட்டிவிடுவார்கள். எங்கள் பேச்சை நம்பத் தேவையில்லை, குழு மாடியிலிருந்தே காதை எண்ணிக்கொள்ளலாம்.

குழு மூன்று மாதம் தந்தது. சாப்பாட்டு இடத்தை மட்டும் மாற்றச் சொன்னார்கள்: தரிப்பிட மூலையிலிருந்து பின்பக்கத் தடுப்புச் சுவரோரம். அது எங்களுக்கும் நல்லதாய்ப் போனது, கார்களின் கீழே பூனை படுப்பது குறைந்தது. கார்க்காரர் கையெழுத்துப் போடவில்லை, எதிர்க்கவும் இல்லை.

இரண்டரை மாதத்தில் 10 காது வெட்டியாயிற்று. மிஞ்சியது அந்தக் கருவாட்டுச் சோற்றுப் பெட்டைதான். நேற்றுப் பார்த்தபோது வயிற்று மயிர் ஒதுங்கி முலைக்காம்புகள் சிவந்து தெரிந்தன, எங்கோ குட்டி போட்டுப் பாலூட்டுகிறாள். இப்போது பிடித்து இரண்டு இரவு வைத்தால் குட்டிகள் செத்துப்போகும். அதிகம் தள்ளிப்போட்டால் பாலூட்டும்போதே மறுபடி சினைப்படுவாள். குட்டிகள் தாமாகச் சாப்பிடத் தொடங்கும் ஐந்தாறு வாரத்தில் அவளைப் பிடித்து, தெளிந்ததும் அன்று மாலையே விடலாம் என்று வைத்தியர் சொல்கிறார். அதற்குக் குழு தந்த தவணை போதாது. கால நீடிப்புக் கடிதத்தை அக்காவே எழுதுகிறேன் என்கிறார். முதலில் தண்ணீர்க் கானுக்குள் தேடிப் பாருங்கள், குட்டி இருந்தால் எத்தனை என்று எண்ணிவிட்டு எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.