நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன், 4,850 ரூபாய் போச்சு

கை இன்னும் நடுங்குகிறது, அதனால் கோவையாக வராது. படத்தைப் போட்டுச் சேலை விற்கும் ஒரு பக்கத்தில் தங்கைக்குப் பட்டுச்சேலை எடுத்தேன். பொருள் வந்ததும் பணம் தருகிறேன் என்றேன். "சிஸ், என்னை நம்புங்க, வராட்டி ஒரு ரூபா விடாம திருப்பித் தர்றேன்" என்று குரல் பதிவு அனுப்பினார்கள். அந்தக் குரலுக்குத்தான் மயங்கினேன். 4,850 ரூபாய், ஜிபேயில் ஒரே தட்டு.

செவ்வாய்க்கிழமை காலை 9:32க்கு டிராக்கிங்கில் Out for delivery வந்தது. அன்று லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். இரவு 8:51க்கு Delivery attempted, customer not available என்று வந்தது. புதன்கிழமை மறுபடியும் அதே வரி, இரவு 8:54. வியாழன் 8:49. வெள்ளிக்கிழமை RTO initiated, அதாவது பார்சல் அனுப்பியவருக்கே திரும்பக் கிளம்பிவிட்டது.

ஸ்கிரீன்ஷாட்டை நிதானமாகப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த நேரம் பதிவு ஏறிய நேரம், கதவைத் தட்டிய நேரமாக இருக்க வேண்டும் என்றில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் குறித்தது பிறகு ஏறவும் செய்யலாம், எனவே நேரத்தை மட்டும் வைத்துச் சண்டை போட முடியாது. ஆனால் மூன்று நாளும் இரவு ஒன்பதுக்குச் சற்று முன், அதுவும் இடம் என்ற கட்டத்தில் எங்கள் தெரு இல்லை, கொரியர் குடோனின் பெயர். என் போனில் மிஸ்டு கால் ஒன்றுகூட இல்லை. வாட்ச்மேன் அண்ணா நோட்டில் அந்தக் கம்பெனி ஆள் வந்ததாக எழுதவே இல்லை. வண்டியில் மிஞ்சிய பார்சல்களைக் கணக்கு முடிக்கும்போது மொத்தமாக 'ஆள் இல்லை' என்று தட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பையன் தலையில் எத்தனை பார்சல் கட்டினார்களோ, அது வேறு கதை.

கொரியருக்குப் போன் போட்டால், "சிஸ்டத்துல அட்டெம்ப்ட்னு இருக்கு மேடம், அனுப்பினவங்ககிட்ட பேசுங்க". கடைக்குப் போட்டால், "நீங்க வீட்ல இல்லன்னு கொரியர் சொல்லுது சிஸ், ரிட்டர்ன் சார்ஜ் எங்களுக்குத்தான் நஷ்டம்". ஒரு ரூபாய் விடாமல் என்ற அதே குரல்தான்! நேற்று என்னை பிளாக் செய்துவிட்டார்கள். 4,850 ரூபாய்!

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முதல் நாள் அந்த வரி வந்த உடனே, நேரமும் இடமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கால் லிஸ்ட்டோடு கடைக்கும் கொரியருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். மூன்றாவது முறை வரை காத்திருக்காதீர்கள், நான் காத்திருந்தேன். முன்பணம் கொடுக்காதீர்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

சேலை இன்று காலை கடைக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம். டிராக்கிங்கில் Delivered என்று பச்சையில் காட்டுகிறது.