விலைப்போரை எங்கே வைப்பது: டிஸ்கவுன்ட் ரேட்டிலா, வருடாந்திர வரவிலா?

போன வருடம் மச்சானின் கேன் வாட்டர் பிளாண்டுக்குத் திட்ட அறிக்கை போட்டுக் கொடுத்தேன். அவர் இறங்கினால் ஊரில் ஏற்கெனவே இருக்கும் பெரிய பிளாண்ட் விலையைக் குறைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தைக் கணக்கில் எங்கே காட்டுவது என்பதில்தான் குழப்பம். வருங்கால வரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் டிஸ்கவுன்ட் ரேட்டை 12-லிருந்து 15 சதவீதமாக ஏற்றச் சொன்னார் ஆடிட்டர். நான் ரேட்டைத் தொடாமல், போட்டியாளரின் பதிலடியை வருடவாரியாக வரவிலேயே எழுதினேன். இரண்டையும் போட்டுப் பார்த்தபின் என் வழியில்தான் எனக்கு நம்பிக்கை.

முதலில் பதிலடியே இல்லாத கணக்கு. முதலீடு 30 லட்சம். வருடத்துக்கு 1,20,000 கேன், ஏஜென்ட்டுக்குக் கேன் 22 ரூபாய். மூடி, லேபிள், கரண்ட், வண்டி எல்லாம் சேர்த்துக் கேனுக்கு 10 ரூபாய் செலவு. வாடகை, சம்பளம் 4.4 லட்சம். வரியை விட்டுவிட்டால் வருடம் 10 லட்சம் கையில் நிற்கும். ஐந்து வருடத்துக்கு, 12 சதவீதத்தில், முதலீடு போக நிகர நிகழ்கால மதிப்பு சுமார் 6 லட்சம்.

ஆடிட்டர் வழியில் 15 சதவீதம் போட்டால் அந்த 6 லட்சம் 3.5 லட்சமாகக் குறையும். அவ்வளவுதான், திட்டம் அப்போதும் பாஸ். ஒரே ஒரு செல்லை மாற்றினால் முடிந்தது, பேங்கிலும் கேள்வி வராது.

ஆனால் அந்த 3 சதவீதம் எந்த வருடத்தைக் கடிக்கிறது என்று பாருங்கள். முதல் வருட வரவின் மதிப்பு இரண்டரை சதவீதம்தான் குறைகிறது. ஐந்தாம் வருடத்தில் 12 சதவீதம் குறைகிறது. விலைப்போரோ நேர்மாறு. புது ஆள் கால் ஊன்றுவதற்குள் துரத்த வேண்டும் என்பதற்காகவே நடப்பது என்பதால், அடி முதல் இரண்டு வருடத்தில்தான் விழும். ரேட்டை ஏற்றுவது வலி இல்லாத இடத்தில் மருந்து தடவுவது போல.

நான் செய்தது இது. முன்பு ஒரு சின்ன பிளாண்ட் வந்தபோது பெரிய பிளாண்ட்காரர் என்ன செய்தார் என்று நாலைந்து ஏஜென்ட்டுகளிடம் கேட்டோம். கேனுக்கு 4 ரூபாய் குறைத்தார், இரண்டு வருடம் விடவில்லை, அப்புறமும் விலை பழைய இடத்துக்கு வரவில்லை என்றார்கள். அதையே எழுதினேன்: முதல் இரண்டு வருடம் 18 ரூபாய், பிறகு 20. வரவு முதல் இரண்டு வருடம் 5.2 லட்சம், அடுத்த மூன்று வருடம் 7.6 லட்சம். அதே 12 சதவீதத்தில் நிகர மதிப்பு 6.7 லட்சம் நஷ்டம். விலை 18 சதவீதம் குறைந்ததற்குக் கையில் நிற்கும் பணம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது, ஏனென்றால் செலவு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

இங்கேதான் எக்ஸல் ஏமாற்றும். ஆடிட்டரின் ஷீட்டில் கேன் செலவு விற்பனையில் 45 சதவீதம் என்று இருந்தது. விலையைக் குறைத்தால் செலவும் கூடவே குறைந்து, முதல் வருட வரவைச் சுமார் 7.5 லட்சம் என்று காட்டியது. உங்கள் ஷீட்டில் விலை செல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். வாடகை, சம்பளம் கழிப்பதற்கு முந்தைய லாப சதவீதம் அசையாமல் நின்றால் செலவு சூத்திரம் தப்பு.

விலையை நாமும் குறைத்தாக வேண்டுமா என்பதும் இந்த வழியில்தான் தெரியும். 22 ரூபாயிலேயே நின்று மூன்றில் ஒரு பங்கு கேன் போனாலும் அதே 5.2 லட்சம்தான். அதைவிடக் குறைவாகப் போகும் என்றால் விலையைத் தொடக் கூடாது.

போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று எழுதும் ஆசையையும் அடக்க வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ நுழைந்து தொடங்கிய கட்டணப் போரில், பெரிய தனியார் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து கட்டணத்தை ஏற்றியது 2019 டிசம்பரில்.

இந்த வழியின் பலவீனம், பதிலடி வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது. நான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: எத்தனை சதவீதத்தில் திட்டம் பூஜ்யத்துக்கு வரும்? சுமார் 48. ஆக, பெரியவர் பதிலடி தர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே திட்டம் தேறாது. வாய்ப்பை இப்படி எடை போட்டபின் ரேட்டையும் ஏற்றக் கூடாது, அது ஒரே அடியை இரண்டு தடவை எண்ணுவது. நாலைந்து போட்டியாளர் இருக்கும் ஊரில் இந்த முறை எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

ஏஜென்ட்டுகள் சொன்னதைக் கேட்டபின் மச்சான் அந்த வாய்ப்பை 70 சதவீதத்துக்குக் கீழே வைக்கவில்லை. பிளாண்டைப் பாதி அளவில் ஆரம்பித்து, வருட ஒப்பந்தத்தில் வாங்கும் கம்பெனிகளுக்கும் மண்டபங்களுக்கும் மட்டும் கொடுக்கிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் இன்னும் வரவில்லை.