நகை வைத்தால் 12, கைமாற்றாய்க் கேட்டால் 18

பட்டர்வொர்த் பக்கத்துக் கம்பத்தில் மசாலாக் கடை போட ஓர் இளைஞன் வட்டிக்கடையில் 1,000 வெள்ளி கேட்கிறான்.

"சங்கிலி வெச்சா வருஷத்துக்கு 12 சதம், வெறுங்கையா வந்தா 18, தம்பி."

"ஒரே பணம்தானே, ஐயா?"

முதலாளி கணக்குப் போட்டார். வெறுங்கையாய் வரும் 10 பேரில் ஒருவன் ஓடிவிடுவான். அவர் போட்ட 10,000-க்கு அவருக்கே 600 வெள்ளி செலவு. மிச்ச 9 பேர் 10,600 கட்டினால்தான் சரியாகும். ஆளுக்கு 1,178, அதாவது ஏறக்குறைய 18 சதம். நல்லவன்தான் ஓடியவனுக்கும் சேர்த்துக் கட்டுகிறான்!

சங்கிலி இருந்தால் அந்தச் சுமை இல்லை. 1,500 வெள்ளி பெறுமானத்துக்கு 1,000-தான் கொடுப்பார். தங்கம் விலை இறங்கினாலும், பற்றவைப்பில் மாற்றுக் குறைந்தாலும், வட்டி பாக்கி நின்றாலும் அந்த 500 தாங்கும். ஆனால் தவணை தவறினால் சங்கிலி போய்விடும்.

10 பேரில் இரண்டு பேர் ஓடினால் 32.5 சதம் வேண்டும். மலேசியாவின் 1951 கடன் கொடுப்போர் சட்டமோ ஈடில்லாக் கடனுக்கு 18, ஈட்டுக் கடனுக்கு 12 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு அவர் வட்டியைக் கூட்டமாட்டார், கடனே தரமாட்டார். அவன் உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம்தான் போவான்.