பாரை அளந்து பெருக்குவதா, தட்டுகளை எண்ணி வகுப்பதா? பாட்டின் நேரத்தைக் கணிக்கும் இரு வழிகள்

சித்திரைப் புத்தாண்டு மேடைக்காக மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் நாங்கள் ஒரு நடன இசையைத் தயாரித்தபோது, விழாக் குழு எங்களுக்குக் கொடுத்த எல்லை 5 நிமிடம், அதாவது 300 விநாடி. இசை மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி ஆதி தாளத்தில் 92 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 92 தட்டு என்ற கணக்கில், 12 ஆவர்த்தனம். இரண்டாம் பகுதி, ரவான் என்னும் தோல் மேளம் முழங்கும் உள்ளூர் நடன இசையான சேகா, 6/8 தாளத்தில் 116 பிபிஎம், 96 பார்; பார் என்பது மேற்கத்திய முறையில் எழுதும் தாளத்தின் ஒரு கூறு. மூன்றாம் பகுதி 4/4 தாளத்தில் 132 பிபிஎம், 64 பார். ஒலிப்பதிவுக்கு முன்பே, இது எல்லைக்குள் அடங்குமா என்று சொல்லியாக வேண்டும். நானும் ஒலிப்பதிவைக் கவனித்த நண்பரும் ஆளுக்கொரு வழியில் கணக்கிட்டோம். இரண்டு விடைகள் வந்தன.

நண்பருடையது பார் வழி. 60ஐப் பிபிஎம்மால் வகுத்தால் ஒரு தட்டின் விநாடி கிடைக்கும். அதை ஒரு பாரிலுள்ள தட்டுகளால் பெருக்கினால் பாரின் நீளம். அதைப் பார்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் பகுதியின் நேரம். என்னுடையது தட்டு வழி. பகுதியிலுள்ள மொத்தத் தட்டுகளை முதலில் எண்ணிவிட்டு, அவற்றை ஒரே ஒருமுறை பிபிஎம்மால் வகுத்தால் நிமிடம் வந்துவிடும். 60ஆல் பெருக்கினால் விநாடி. கணித நூலின்படி இரண்டும் ஒன்றுதான். தாளில் எழுதும்போதுதான் பிரிகின்றன.

பார் வழியில், நடுவில் வரும் பாரின் நீளத்தை யாரும் ஆறு தசமம் வரை எழுதி வைப்பதில்லை. நண்பர் ஒரு தசமத்தோடு நிறுத்தினார். 92இல் நான்கு தட்டுப் பார் 2.609 விநாடி, அவர் 2.6 என்று வைத்தார். சேகாவின் இரு தட்டுப் பார் 1.034 விநாடி, அது 1.0 ஆயிற்று. மூன்றாவது 1.818, அது 1.8 ஆயிற்று. மூன்றும் கீழ்நோக்கியே நறுக்கப்பட்டதால் பிழைகள் ஒன்றையொன்று சரிசெய்யாமல் ஒரே பக்கம் சேர்ந்தன. அவருடைய மொத்தம் 273.6 விநாடி. தட்டு வழியில் முதற்பகுதி 96 தட்டு, 62.6 விநாடி, சேகா 192 தட்டு, 99.3 விநாடி, கடைசிப் பகுதி 256 தட்டு, 116.4 விநாடி; ஆக மொத்தம் 278.3, அதாவது 4 நிமிடம் 38 விநாடி. ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கடைசி அடவு முடியும் இடத்தில் விளக்கை அணைக்கக் காத்திருப்பவருக்கு அது அற்பமன்று. 4.638 நிமிடத்தை 4 நிமிடம் 64 விநாடி என்று வாசித்துவிடும் தவறு இரு வழிகளிலும் நேரக்கூடியது; தசமத்தை 60ஆல் பெருக்க வேண்டும் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தசமங்களைக் காப்பாற்றிக்கொண்டால் பார் வழியும் சரியான விடையைத் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே நான் தட்டு வழியின் பக்கம் சாய்வதற்கு உண்மைக் காரணம் அது அன்று. தட்டு வழி, கணக்கைத் தொடங்கும் முன்பே, ‘இந்தப் பிபிஎம் எதை எண்ணுகிறது?’ என்ற கேள்வியை நம்மிடம் கேட்டுவிடுகிறது. பார் வழியில் அந்தக் கேள்வி ‘பாரில் எத்தனை தட்டு’ என்ற சிறு இடத்தில் ஒளிந்துகொள்கிறது. 6/8 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் கை தானாக 6 என்றோ, வேறொரு பழக்கத்தில் 3 என்றோ போட்டுவிடுகிறது.

மொரீசியஸில் இசைக் கணக்குப் போடுகிறவருக்கு இந்த இடம் தப்பாமல் வரும். சேகாவின் பாரில் ஆறு அரைக்கால் சுரங்கள் இருந்தாலும், ஆடுபவரின் கால் பாருக்கு இரண்டு முறைதான் தரையை உணர்கிறது. மும்மூன்று அரைக்கால் சுரங்கள் சேர்ந்து ஒரு தட்டு. ரவான் வாசிப்பவர் 116 என்றால் அந்தப் பெரிய தட்டைத்தான் சொல்கிறார். ஒலிப்பதிவு மென்பொருள்களில் பெரும்பாலானவை அப்படி எண்ணுவதில்லை; தாளம் 6/8 ஆக இருந்தாலும் பிபிஎம் என்ற கட்டத்தில் நாம் இடும் எண்ணைக் கால் சுரங்களாகவே எடுத்துக்கொள்கின்றன. சுரங்களைக் கட்டளைகளாகச் சேமிக்கும் மிடி கோப்பும் அப்படித்தான்: வேகம் அதில் ஒரு கால் சுரத்துக்கு எத்தனை மைக்ரோ விநாடி என்றே பதிவாகிறது. 6/8 பாரில் கால் சுரங்கள் மூன்று. எனவே 116 என்று அப்படியே இட்டால் பாரின் நீளம் 1.034இலிருந்து 1.552 விநாடியாக நீளும். 96 பாருக்கு 149 விநாடி. மொத்தம் 5 நிமிடம் 28 விநாடி. ஆறையும் தட்டாக எண்ணிவிட்டால் சேகா மட்டுமே ஏறத்தாழ 298 விநாடி பிடிக்கும்.

எங்களுக்கு முதல் தவறுதான் நேர்ந்தது. நான் தாளில் 116 என்று மட்டும் எழுதி அனுப்பினேன். எந்தச் சுரம் என்று எழுதவில்லை. ஒத்திகைக்கு வந்த ஒலித்தடத்தில் சேகா தாலாட்டைப் போல ஊர்ந்தது. நடன ஆசிரியை இரண்டு பார் கேட்டதும் கையை உயர்த்தி, “தம்பி, இதற்கு ஆட முடியாது, தூங்கத்தான் முடியும்” என்றார். மென்பொருளில் இட வேண்டிய எண் 116 அன்று, அதன் ஒன்றரை மடங்கான 174. அன்றிலிருந்து வேகத்தைக் குறிக்கும்போது ‘புள்ளியிட்ட கால் சுரம் = 116’ என்று சுரத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். எண் தவறானதைக் காதாலேயே கண்டுகொள்ளலாம்: திரையில் ஓடும் மெட்ரோனோம் ஒலியும் நம் கால் தட்டும் இரண்டு பாருக்குள் விலகிவிட்டால், இருவரும் வெவ்வேறு சுரத்தை எண்ணுகிறார்கள் என்று பொருள்.

தட்டு வழியில் இதே கவனம் ஆவர்த்தனத்துக்கும் பயன்பட்டது. ஆசிரியை சொன்ன 12 ஆவர்த்தனத்தை 12 பார் என்று எடுத்துக்கொண்டால் முதற்பகுதி பாதியாகிவிடும். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம், நம் 4/4 தாளில் அது இரண்டு பார். பாரையும் ஆவர்த்தனத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்புவதைவிட, இரண்டையும் தட்டாக்கி 96 என்று எழுதிவிட்டால் யாருடைய சொல்லில் எண்ணினாலும் கணக்கு ஒன்றே. விரிதாளில் A நிரலில் தட்டும் B நிரலில் பிபிஎம்மும் இட்டு, C2 கட்டத்தின் சூத்திரத்தை C4 வரை நகலெடுத்தால் போதும்:

```
C2: =A2*60/B2
C5: =SUM(C2:C4)
D5: =C5/86400
```

D5 கட்டத்தின் வடிவத்தை `[m]:ss` என்று மாற்றினால் 4:38 என்றே தெரியும். ஒத்திகையில் சேகாவை 120க்கு உயர்த்திப் பார்க்கலாம் என்றபோது ஓர் எண்ணைத்தான் மாற்றினேன். அந்தப் பகுதி 96 விநாடியாகச் சுருங்கியதும் உடனே தெரிந்தது. பிறகு 116க்கே திரும்பினோம். திருப்பிக் கணக்கிடுவதும் எளிது. எல்லைக்கு 21.7 விநாடி மிச்சம் இருந்தது. அதை 132ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 47 தட்டு, அதாவது பதினொரு முழுப் பார். ஆனால் பதினொரு பாரில் எந்தக் கோர்வையும் அமராது; எட்டுப் பார் சேர்த்தோம். மொத்தம் 292.8 விநாடி ஆயிற்று.

பார் வழி முந்தும் இடம் ஒன்று உண்டு; அங்கே அதைத்தான் நானும் பயன்படுத்துகிறேன். ரவானின் ஒரு பாரைப் பதிவிலிருந்து வெட்டி, அதைச் சுழல விட வேண்டுமானால், தேவைப்படுவது மொத்த நேரமன்று, அந்த ஒரு பாரின் நீளம். 116இல் அது 1.0345 விநாடி, ஒலியை விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதியும் வீதத்தில் 45,621 மாதிரிகள். அதை 1.03 என்று வெட்டினால் பாருக்கு நான்கரை மில்லி விநாடி குறைகிறது; முதல் சில பாரில் காது பிடிக்காது; 96 பாரின் முடிவில் 0.43 விநாடி சேர்ந்து, 0.52 விநாடி நீளமுள்ள ஒரு தட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விலகிவிடும். இப்படிப்பட்ட வேலையில் விநாடியைக் கைவிட்டு மாதிரிகளில் வெட்டுவதே நல்லது.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான வலுவின்மை, கொடுக்கப்பட்ட பிபிஎம்மே தவறாக இருப்பது. வாசிப்பவரின் வேகத்தை அளக்கும்போது நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் முதல் தட்டைச் சுழி என்றே எண்ண வேண்டும். 116 வேகத்தில் சுழியிலிருந்து 32 வரை எண்ணினால் 16.55 விநாடி ஆகும். முதல் தட்டை ஒன்று என்று தொடங்கி 32இல் நிறுத்தினால் நடுவில் இருப்பவை 31 இடைவெளிகளே; 16.03 விநாடி காட்டும். அதை 32 தட்டு என்று கொண்டால் 116 வாசிப்பவருக்கு ஏறத்தாழ 120 என்று எழுதிவிடுவோம். ஆட்டுத்தோல் ரவானை நெருப்பில் காய்ச்சி எடுத்த பிறகு வாசிப்பவரின் வேகம் கூடுகிறதா என்று என்னிடம் கேட்பார்கள். நான் அளந்தது இரண்டே பேரை, அதனால் பதில் சொல்வதில்லை.

வேகம் படிப்படியாக ஏறும் பாடல்களிலும் என் அனுபவம் குறைவு. 100இலிருந்து 132 வரை சீராக ஏறும் 192 தட்டுக்குச் சராசரி 116ஐ வைத்துக் கணக்கிட்டால் 99.3 விநாடி, ஏற்றம் காலத்தோடு அல்லாமல் தட்டுக்குத் தட்டு சமமாக நிகழ்ந்தால் 99.9. வேறுபாடு ஒரு விநாடிக்கும் குறைவு என்பதால் சராசரியோடு நிறுத்திக்கொள்கிறேன். பாடகர் விரும்பிய இடத்தில் நிறுத்தி ஆலாபனை செய்தால் எந்த வழியும் உதவாது. பாடச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் வழி.

பதிவு முடிந்தபோது கோப்பின் நீளம் 4:56 என்று காட்டியது. கணக்கைவிட மூன்று விநாடி கூடுதல். கடைசித் தட்டுக்குப் பின் சிம்பல் ஓசை அடங்க எடுத்துக்கொண்ட நேரம் அது, எந்தப் பாரிலும் சேராதது. விழாக் குழுவுக்குக் கொடுத்த தாளில் 4:56 என்றே எழுதினோம்.